நாள் நகருமா, நகராதா?



சென்னையில் தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், தன் விடுப்புக் கடிதத்தை நமக்கு அனுப்பி, "இதில் என்ன குறை? ஏன் மேலாளர் இத்தனை கேள்வி கேட்டார்?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் வருஷத் திதிக்காக ஊருக்குப் போக இரண்டு நாள் விடுப்பு. கடிதம் முழுசாக ஒரு பக்கம். தான் மூத்த மகன் என்பது, தம்பி வெளிநாட்டில் இருப்பது, அம்மாவுக்கு முழங்கால் வலி, போன வருஷம் போக முடியாமல் அம்மா அழுதது எல்லாம் அதில் இருக்கிறது. எந்தத் தேதி என்பது கடைசிக்கு முந்தின வரியில்தான் வருகிறது. அந்த இரண்டு நாளும் அவருடைய வேலையை யார் பார்ப்பார்கள் என்பது எங்குமே இல்லை.

மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "இதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்பது. அவர் வேறு சமயத்தவராகவோ, வீட்டில் திதி கொடுக்கும் வழக்கம் இல்லாதவராகவோ இருக்கலாம். அவர் கேட்டதில் தவறில்லை. அவருக்குத் தெரிய வேண்டிய ஒரே செய்தியைக் கடிதம் சொல்லவில்லை. அது, இந்த நாளை மாற்ற முடியாது என்பது.

திதி என்பது இறந்தவரின் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, அதில் எந்தத் திதி என்ற மூன்றையும் வைத்துப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்கும் நாள். ஆங்கிலத் தேதியோடு அது ஒட்டி நிற்காது. எல்லோருக்கும் தெரிந்த மகாளய அமாவாசையையே பாருங்கள். 2023இல் அக்டோபர் 14, சனிக்கிழமை. 2024இல் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி விடுமுறையன்று. 2025இல் செப்டம்பர் 21, ஞாயிறு. மூன்றுமே புரட்டாசிதான். ஆனால் அலுவலகக் காலண்டரை மட்டும் பார்ப்பவருக்கு வருஷா வருஷம் நாள் மாறுவதாகத் தெரியும். "போன வருஷம் வேறு தேதியில் போனீர்களே?" என்ற சந்தேகம் வருவதும் இதனால்தான்.

ஆகவே அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே வரியில் அடக்கலாம்: "இது பஞ்சாங்கப்படி வரும் நாள் என்பதால் மாற்ற இயலாது." காரணம் என்று இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. தமிழ்நாட்டில் கடைகளுக்கும் தனியார் அலுவலகங்களுக்குமான 1947ஆம் ஆண்டுச் சட்டமும், மருத்துவ விடுப்பு தனியாக இருக்க, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் வரை தற்செயல் விடுப்பு எடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. பெற்றவருக்குத் திதி கொடுப்பது நியாயமான காரணம். அம்மாவின் முழங்கால் வலியைச் சேர்த்தால்தான் அது நியாயமாகும் என்பதில்லை.

ஒரே நிபந்தனை, நீங்கள் எழுதும் தேதி சரியாக இருக்க வேண்டும். ஒரு திதி இன்று மத்தியானம் பிறந்து நாளை மத்தியானம் முடியலாம். அப்போது எந்த நாளில் கொடுப்பது என்பதைப் பிற்பகல் வேளையில் எந்தத் திதி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நாழிகைக் கணக்கு வேறு என்பதால், சில வருஷம் இரண்டிலும் ஒரு நாள் வித்தியாசம் விழும். தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பார்த்து விடுப்பு எழுதிவிட்டு, பிறகு ஊர் சாஸ்திரிகள் "மறுநாள்தான்" என்று சொன்னதும் மாற்றிக் கேட்டால், "மாற்ற இயலாது" என்று எழுதிய வரிக்கு மதிப்புப் போய்விடும். முதலில் வீட்டு வழக்கப் பஞ்சாங்கப்படி செய்துவைப்பவரிடம் நாளை உறுதி செய்யுங்கள். பிறகு மேலாளரிடம் வாய்மொழியாக ஒரு வார்த்தை. அதன் பிறகே கடிதம்.

அந்த வாசகரின் கடிதத்தை நாங்கள் இப்படித் திருத்தி அனுப்பினோம்:

"பொருள்: நவம்பர் 12, 13 விடுப்பு வேண்டுதல்.

ஐயா, வணக்கம். என் தந்தையின் ஆண்டுத் திதி நவம்பர் 12, வியாழக்கிழமை எங்கள் ஊரில் நடைபெறுகிறது. பஞ்சாங்கப்படி வரும் நாள் என்பதால் மாற்ற இயலாது. எனவே 12, 13 ஆகிய இரு நாட்களுக்குத் தற்செயல் விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 10ஆம் தேதிக்குரிய பில்களை 11ஆம் தேதி மாலைக்குள் முடித்துவிடுவேன். அந்த இரு நாட்களும் அவசர வேலைகளைப் பார்த்துக்கொள்ள என் பிரிவு நண்பர் இசைந்திருக்கிறார். 12ஆம் தேதி மாலை 4 மணிக்கு மேல் என்னைத் தொலைபேசியில் அழைக்கலாம். 16ஆம் தேதி திங்கட்கிழமை பணிக்கு வருவேன். நன்றி."

மாலை 4 மணி என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. திதியன்று காலையிலிருந்து கொடுப்பவர் சாப்பிடாமல் இருப்பார். பிண்டம் வைத்து, காக்கைக்குச் சோறிட்டு, வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் இலையில் உட்காருவார். அதற்குள் மத்தியானம் கடந்துவிடும். நடுவில் போன் அடித்தால் எடுக்க முடியாது. இதையெல்லாம் விளக்காமலே அந்த ஒரு நேரக் குறிப்பு வேலையைச் செய்துவிடுகிறது. அதேபோல் "தாழ்மையுடன்", "தயவுகூர்ந்து", "கருணையுடன்" என்று மூன்று முறை பணிந்திருந்ததை எடுத்துவிட்டோம். "கேட்டுக்கொள்கிறேன்" என்பதில் வேண்டிய மரியாதை இருக்கிறது.

எல்லாப் பயணத்துக்கும் இதே வரியை எழுதிவிடக் கூடாது. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, இணையத்தில் தரிசன நாள் பதிவான சபரிமலைப் பயணம் ஆகியவையும் நகராத நாட்கள். நாளைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். குலதெய்வம் கோயிலில் பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்துவது அப்படியல்ல. நாள் பார்ப்பது நம் கையில். அதற்கு, "வைகாசியில் செய்ய இருக்கிறோம், எந்த வாரம் அலுவலகத்துக்குத் தோதாக இருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்பதுதான் மரியாதை. நகரும் நாளை நகராது என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அடுத்த வருஷம் திதிக்குக் கேட்கும்போது நம்ப மாட்டார்கள். திதிக்குப் போய்விட்டு "காய்ச்சல்" என்று எழுதுவதும் அப்படித்தான்.

சரியாகக் கேட்டும் விடுப்பு கிடைக்காத வருஷமும் வரலாம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில் திதி விழுந்தால் என்ன செய்வது? அரை நாள் பர்மிஷன் கேட்டு, இருக்கும் ஊரிலேயே கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அதுவும் முடியாதபோது அடுத்து வரும் அமாவாசையில் செய்யலாம் என்று பெரியவர்கள் வழி சொல்கிறார்கள். அந்த வழியைக் கடிதத்தில் நீங்களே எழுத வேண்டியதில்லை. அது உங்கள் வீட்டில் பேச வேண்டியது.

விடுப்பில் கையெழுத்திடும் இடத்தில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேதியும் மாற்று ஏற்பாடும் கடிதத்தில் இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். யாருக்கு, ஏன், உங்களுக்குப் பதில் வேறு யாரும் இல்லையா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான் ஒரு பக்கக் கடிதங்கள் எழுதப்படுகின்றன.

மற்றவர்களுக்கு: வீட்டில் பஞ்சாங்கம் இருக்கிறது. இந்த வாரமே இந்த வருஷத்துத் திதி நாட்களைப் பார்த்து, உறுதி செய்து, மேலாளரிடம் சொல்லிவையுங்கள். ஐந்தாறு வரியில் கடிதம் முடிந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்