கானில் விழும் சிகரட் துண்டு: செலவு யாருடையது?



பெரட்டுக் களத்திலும் கடை வாசலிலும் லயத்து இஸ்தோப்பிலும் புகைத்து முடித்ததும் துண்டைக் கானில் போடுவது நம் தோட்டங்களில் பழகிப்போன காரியம். பஞ்சுதானே, மழையில் கரைந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது பஞ்சு அல்ல. சிகரட் பில்டர் செலுலோஸ் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக் இழையால் ஆனது. அது பல வருடங்கள் கிடந்து மெல்லிய இழைகளாகப் பிரியும். இலைச் சருகைப் போல மக்கிப் போகாது. பீடித் துண்டில் இந்தப் பிளாஸ்டிக் இல்லை. ஆனால் நிக்கொட்டின் அதிலும் உண்டு.

நிக்கொட்டின் தண்ணீரில் எளிதாகக் கரையும். ஜெர்மனியின் பேர்லின் நகரில் செய்யப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வொன்று இதை அளந்து பார்த்தது. தண்ணீரில் கிடந்த துண்டிலிருந்து வெளியேறக்கூடிய நிக்கொட்டினில் பாதி, முதல் 27 நிமிடங்களிலேயே வெளியேறிவிட்டது. ஒரே ஒரு துண்டு 1000 லீற்றர் தண்ணீரை, நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பானது எனக் கணிக்கப்பட்ட அளவைத் தாண்டச் செய்யலாம் என்றும் அந்த ஆய்வு கூறியது. இந்த அளவு நீர்வாழ் உயிர்களுக்குக் கணிக்கப்பட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்த மனிதர் உடனே நோயில் விழுவார் என்று இதற்குப் பொருள் இல்லை. 2011 இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வில், லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு துண்டு ஊறிய தண்ணீரில் விடப்பட்ட மீன்களில் பாதி நான்கு நாட்களுக்குள் செத்தன.

நம் மலைகளில் மழைக்குக் குறைவில்லை. அட்டன் பக்கத்துக் கான்கள் பலவற்றில் ஓடும் தண்ணீர் ஓடைகளில் சேர்ந்து காசல்ரீக்கும் மவுஸ்ஸாகலைக்கும் போகிறது. அங்கிருந்து களனி கங்கைக்குப் போகிறது. வழியில் அதே ஓடையில்தான் பல லயங்களின் பீலி இருக்கிறது. பிள்ளைகள் குளிப்பதும் துணி துவைப்பதும் அங்கேதான்.

தண்ணீரோடு இது முடிவதில்லை. மண்ணில் சேரும் நிக்கொட்டினைச் செடிகள் வேரால் உறிஞ்சி இலைக்கு ஏற்றுகின்றன. ஜெர்மனிய ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், மண்ணின் மேல் புகையிலைத் தூள் தூவப்பட்ட மின்ட் செடிகளின் இலையில் இதைக் கண்டார்கள். தேயிலையில் எவ்வளவு நிக்கொட்டின் இருக்கலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் எல்லை வைத்திருக்கிறது. எனவே லயத்துப் பின்பக்க மரக்கறிப் பாத்தியிலும் கொழுந்து எடுக்கும் நிரையிலும் துண்டைப் போடக் கூடாது. கூட்டுப்பசளைக் குழியிலும் சேர்க்கக் கூடாது.

துண்டு கானுக்கு வருவதற்கு முன்பே புகையிலை நம் மலைநாட்டில் ஒரு கடனை வைத்துவிட்டது. நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனை, ஹங்குராங்கெத்த பக்கத்துச் சரிவுகளில் நீண்ட காலம் புகையிலை பயிரிடப்பட்டது. மேல் மகாவலி நீரேந்து பகுதியில் 1980களில் எடுத்த அளவுகளின்படி, மண் காப்பு வேலை இல்லாத புகையிலை நிலத்தில் ஒரு ஹெக்டேயருக்கு வருடம் 70 தொன் மண் கரைந்து போனது. காப்பு வேலை இல்லாத பழைய விதைத் தேயிலையில் அது 40 தொன். கான் வெட்டி, நன்றாக மூடி வளர்ந்த தேயிலையிலோ கால் தொன் அளவுதான். கான் வெட்டும் நம் தொழிலாளியின் மண்வெட்டி எதைக் காப்பாற்றுகிறது என்பதை இந்தக் கணக்கே சொல்லும். கரைந்த மண் மகாவலி நீர்த்தேக்கங்களை நிரப்பியது. அதற்கு மேல், இலையைப் பதப்படுத்தவும் விறகு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 இல் சொன்ன கணக்கின்படி, சிகரட் தயாரிப்புக்காக உலகம் வருடம் 60 கோடி மரங்களை இழக்கிறது.

லாபம் ஒரு பக்கம் போகிறது. மண்ணும் தண்ணீரும் துப்புரவு வேலையும் மற்றவர் தலையில் விழுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் கொண்டுவந்த சட்டத்தில், பில்டர் குப்பையைக் கூட்டி அகற்றும் செலவைப் புகையிலை உற்பத்தியாளர்களே ஏற்க வேண்டும் என்று விதித்தது. அதே விதி இலங்கைக்கும் வர வேண்டும் என்பதே நமது கோரிக்கை. அப்படி வரும் பணம் பிரதேச சபைகளின் குப்பை வேலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சட்டம் வரும்வரை தோட்ட நிர்வாகங்களிடம் கேட்க வேண்டியது சிறிய விடயம். பெரட்டுக் களம், தொழிற்சாலை வாசல், கடை முன்புறம் ஆகிய இடங்களில் மணல் போட்ட மூடித் தகரம் ஒவ்வொன்று வைக்க வேண்டும். சேரும் துண்டுகளை எரிக்கவோ ஊற்றுப் பக்கம் புதைக்கவோ கூடாது. பிரதேச சபை வண்டியில் ஏற்ற வேண்டும். தகரம் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சின்னப் பிள்ளை துண்டை விழுங்கினால் அது நஞ்சு. பீலிக்கு மேலே உள்ள கானை மழைக்கு முன்பே பொறுக்கிச் சுத்தம் செய்யும் முறையை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதக் கூட்டத்தில் முடிவு செய்யட்டும். முதல் மழை விழுந்த பிறகு பொறுக்கினால், நஞ்சில் பெரும் பங்கு ஏற்கனவே பீலிக்கு வந்திருக்கும்.