வலி தணிந்தால் நோய் தணிந்ததாகுமா?

கடைவாய்ப் பல் வலிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது தவறு என்பதே என் கருத்து. மாத்திரை சீழை வெளியேற்றாது.

கீழ்த்தாடையின் பின்பற்களுடைய வேர்நுனிகள், வாயின் அடித்தளத் தசைக்கும் கீழே இறங்கியிருப்பதுண்டு. அங்கே கட்டிய சீழ் எலும்பைத் துளைத்துக் கழுத்துக்குள் பரவலாம். அப்போது எலும்பினுள் அழுத்தம் குறைவதால் வலி சற்றுத் தணியலாம், அது குணமன்று. வாயின் அடித்தளம் வீங்கி, நாக்கை மேலும் பின்னுமாகத் தள்ளி, மூச்சுப்பாதையை நெருக்கும்.

தாடையின் கீழ் இறுகிய வீக்கம், எச்சிலை விழுங்க இயலாமை, குரல் மாற்றம், படுத்தால் மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், பல் மருத்துவரின் முறைக்காகக் காத்திராமல், இரவாயினும் அவசரப் பிரிவுக்கு வருக. நோயாளியைப் படுக்க வைக்காது, உட்கார்ந்த நிலையிலேயே அழைத்து வருக.