'12 லட்சம் வரை வரி இல்லை'ன்னு தலைப்பு வைக்கலாமா?

2025 பிப்ரவரி 1, பட்ஜெட் அன்னைக்கு உங்க போன்ல வந்த வீடியோக்கள் ஞாபகம் இருக்கா? "12 லட்சம் வரை வரியே இல்லை!" பக்கத்துல வாயைப் பிளந்த ஒரு முகம்.

அது முழுப் பொய் இல்லை. புதிய வரி முறையில் 12 லட்சத்துக்கு வர்ற 60,000 ரூபாய் வரியை 87ஏ தள்ளுபடி கழிச்சிடும். ஆனா 9 லட்சம் சம்பளம் வாங்குறவர், வாங்கின ஷேரை ஒரு வருஷத்துக்குள்ள வித்து 1 லட்சம் லாபம் பார்த்தா, அந்த லாபத்துக்குத் தள்ளுபடி கிடையாது. 20 சதவீத வரி, செஸ்ஸோட 20,800 ரூபாய் கட்டணும். தலைப்பை மட்டும் நம்பினவருக்கு இது ரிட்டர்ன் போடும்போதுதான் தெரியும்.

சைடா சேனல் ஆரம்பிக்கிற நண்பர்களே, இந்த விஷயத்துக்கு நீங்க என்ன தலைப்பு வைப்பீங்க? "பிரிவு 87ஏ: ஒரு விளக்கம்" நேர்மையான தலைப்புதான், ஆனா யாரும் தொட மாட்டாங்க. என் தேர்வு: "12 லட்சம் வரை வரி இல்லை, ஷேர் லாபம் இருந்தா?" ஆசை, நிபந்தனை ரெண்டுமே தலைப்புலயே இருக்கு.

அடுத்து தம்ப்நெயில். வீடியோ ஏத்தினதும் யூடியூப் தானா எடுத்துக் காட்டுற ஃப்ரேம்கள்ல பாதி நேரம் நம்ம கண் மூடியிருக்கும். அதை விடுங்க. வீடியோவில் கணக்கு முடிஞ்சு 20,800 திரையில் நிக்குற இடத்தை எடுங்க. தருமபுரியிலிருந்து ஓசூர் போற பஸ்ல, கையகல போன்ல பார்க்குறவருக்கும் அந்த எண் படிக்கத் தெரியணும். கீழே வலது மூலையில் எதுவும் எழுதாதீங்க, வீடியோவோட நேரம் அதை மறைச்சிடும். இன்னொரு லாபம்: தம்ப்நெயில்ல பார்த்த அதே காட்சி உள்ளேயும் வரும், ஏமாந்த உணர்வு வராது.

"பரபரப்பா வெச்சாதானே க்ளிக் வரும்?" வரும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 1,000 பேர் கண்ணுல படுது. பரபரப்புத் தலைப்பை 80 பேர் தொட்டு சராசரியா 40 விநாடி பார்த்தா மொத்தம் 3,200 விநாடி. நேர்மையானதை 50 பேர் தொட்டு 3 நிமிஷம் பார்த்தா 9,000 விநாடி. ஒரே வீடியோவுக்கு மூணு தம்ப்நெயில் வரை போட்டு சோதிக்கும் வசதியிலும், க்ளிக்கை வெச்சு இல்லை, பார்த்த நேரத்தை வெச்சுத்தான் யூடியூப் ஜெயிச்சதைச் சொல்லுது.

உங்க தலைப்பு சரியான்னு தெரிஞ்சுக்க, யூடியூப் ஸ்டுடியோவில் முதல் 30 விநாடிக்கான கோட்டைப் பாருங்க. க்ளிக் நல்லா இருந்தும் அந்தக் கோடு சட்டுனு சரிஞ்சா, தலைப்பு சொன்னது அங்கே இல்லைன்னு அர்த்தம். சில சமயம் தப்பு தலைப்புல இருக்காது, "லைக் பண்ணுங்க, சப்ஸ்க்ரைப் பண்ணுங்க"ன்னு இழுக்குறதுல இருக்கும். அதனால 20,800ஐ முதல்லயே சொல்லிடுங்க, ஏன்னு பிறகு விளக்குங்க.

காசு விஷயத்துல தலைப்பும் ஒரு ஆலோசனைதான். வீடியோவைத் திறக்காம தலைப்பை மட்டும் படிச்சிட்டுப் போறவருக்கும் அது தப்பாப் போகக் கூடாது.