வெட்டக் கூடாத சொற்கள்

புதிதாக எழுத வருகிறவர்களின் கவிதை வரைவுகளுக்கு இப்போது ஒரே மருந்துதான் தரப்படுகிறது: "சொல்லைக் குறை." அடைமொழி இருந்தால் எடு, ஒரு சொல் இரண்டு முறை வந்தால் ஒன்றை அடி, 'ஏ', 'தான்', 'கொண்டு', 'மட்டும்' என்று வருவதெல்லாம் ஒட்டுச்சதை, களை. எது போனாலும் பொருள் கெடவில்லையென்றால் அது தேவையற்ற சொல் என்பது இந்தக் கட்சியின் அடிப்படை. வரைவுகளில் மிகைச்சொல் மண்டிக் கிடப்பது உண்மைதான். ஆனால் மிகையைக் கண்டுபிடிக்க இவர்கள் தரும் அளவுகோல் தவறானது. அதை வைத்து வெட்டினால் மிகை தப்பிக்கிறது, கவிதை வெட்டுப்படுகிறது.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க, இந்தக் கட்டுரைக்காகவே ஒரு வரைவை எழுதிக்கொள்கிறேன். வேண்டுமென்றே கொஞ்சம் கொழுக்க விட்டிருக்கிறேன்.

கொளுத்தும் கோடையின் கடும் வெயிலில்
முற்றிலும் வறண்டு போன எங்கள் பழைய கிணற்றில்
தூர் வார இறங்கினார் அப்பா.
மேலே நின்று நாங்கள்
இழுத்தோம், இழுத்தோம், இழுத்துக்கொண்டே இருந்தோம்.
சேறு வந்தது.
கறுத்த சேறு வந்தது.
பிறகு வெகுநேரம் வாளி வரவே இல்லை.
கயிறு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.
கடைசியில் வந்த வாளியில்
என்றோ தொலைந்துபோன அக்காவின் ஒற்றைக் கொலுசு
மௌனமான சோகத்தைப் போல
சேறு போகத் துடைக்கப்பட்டுக் கிடந்தது.

மொத்தம் 50 சொற்கள். 'பொருள் கெடாத சொல்லெல்லாம் மிகை' என்ற விதியை நேர்மையாகக் கடைப்பிடித்தால் இது இப்படி வந்து நிற்கும்:

வறண்ட கிணறு.
தூர் வாரும் அப்பா.
வாளியில் சேறு.
பின்
அக்காவின் கொலுசு.

பத்தே சொற்கள். செய்தி எதுவும் விடுபடவில்லை. ஆனால் இது படங்களுக்கு அடியில் போடும் குறிப்பு மாதிரி இருக்கிறது. முற்றுவினை ஒன்றுகூட மிஞ்சவில்லை. யாரும் இழுக்கவில்லை, யாரும் காத்திருக்கவில்லை, எதுவும் நடக்கவில்லை. வரிகள் எல்லாமே பெயர்ச்சொல்லில் போய் முட்டி நின்றால் வெட்டு அளவு மீறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

குறைத்தலுக்கு ஆதரவாகப் பெரும்பாலும் எஸ்ரா பவுண்டின் பெயர் சொல்லப்படுகிறது. 1913 மார்ச்சில் சிகாகோவின் 'பொயட்ரி' இதழில் படிமக் கவிஞர்களின் மூன்று நெறிகள் வெளிவந்தன. பொருளை நேராகக் கையாள்வது முதல் நெறி. காட்சிக்குப் பங்களிக்காத சொல் ஒன்றைக்கூடப் பயன்படுத்தாதிருப்பது இரண்டாவது. நம்மூரில் மேற்கோள் காட்டப்படுவது இந்த இரண்டாவது மட்டும்தான். மூன்றாவது நெறி முழுக்க ஓசையைப் பற்றியது: தாளக்கருவியின் சீரான தட்டுக்கு எழுதாதே, இசைத்தொடரின் போக்கில் எழுது என்கிறது அது. சுருக்கத்தையும் ஓசையையும் ஒரே பட்டியலில் வைத்தவர்களிடமிருந்து ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்து வந்தது நாம்தான். பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்தில் பார்த்த முகங்களைப் பற்றி 30 வரிக் கவிதை எழுதி அழித்ததையும், பிறகு அதில் பாதியளவில் எழுதியதையும், கடைசியில் இரண்டே வரியில் முடித்ததையும் பவுண்டே சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு வரிகள் 1913 ஏப்ரலில் முதலில் அச்சானபோது, சொற்கூட்டங்களுக்கு இடையே அகலமான வெற்றிடங்கள் விடப்பட்டிருந்தன. அத்தனை வெட்டிய ஆள், எங்கே நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்பதைத் தாளிலேயே இடம் ஒதுக்கிக் காட்டினார்.

இதற்குச் சிலர் வேறு விதமாகப் பதில் சொல்வார்கள்: புதுக்கவிதைக்கு யாப்பு கிடையாது, அதனால் வெட்டினால் ஓசை கெடும் என்ற கவலைக்கே இடமில்லை. சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த காலத்திலிருந்தே இந்தக் குழப்பம் நம்மோடு வருகிறது. யாப்பை விட்டோம் என்றால், முன்கூட்டியே எண்ணி வைத்த சீரையும் தளையையும் விட்டோம் என்று பொருள். அசைகள் மொழியில்தான் இருக்கின்றன. அவற்றை யாரும் விட முடியாது.

வரைவின் ஐந்தாம் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'இழுத்தோம்' நிரையும் நேருமாக வரும் புளிமா. அடுத்ததும் அதே. 'இழுத்துக்கொண்டே' அப்படியே நீண்டு நான்கு அசையாகிறது. 'இருந்தோம்' திரும்பவும் புளிமா. இரண்டு குறுகிய இழுப்பு, ஒரு நெடிய இழுப்பு, பிறகு கை ஓய்ந்து நிற்பது. திட்டமிட்டு அசை எண்ணி யாரும் இப்படி எழுதுவதில்லை, காது எழுதிவிடுகிறது. இதை 'திரும்பத் திரும்ப இழுத்தோம்' என்று சுருக்கினால் ஒரு சொல் மிச்சமாகும். கயிற்றின் கனம் போய்விடும். முதல் 'இழுத்தோம்' செய்தி, அடுத்தது உழைப்பு, மூன்றாவது சலிப்பு. சொல் ஒன்றுதான், மூன்று இடத்திலும் அது செய்யும் வேலை வேறு. 'சேறு வந்தது' என்பதற்கும் அதுவே. இரண்டாம் முறை வரும்போது 'கறுத்த' சேர்ந்துகொள்கிறது. அடியில் மக்கிக் கிடந்த கறுஞ்சேறு வருகிறது என்றால் அப்பா ஆழத்துக்குப் போய்விட்டார். ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அந்த அடைமொழி ஆழத்தைக் காட்டிவிடுகிறது.

ஆகவே அடைமொழிகளைக் கூண்டோடு நீக்கு என்பதும் ஏற்கத்தக்கதல்ல. இந்த வரைவிலேயே இரண்டு வகையும் இருக்கின்றன. 'கொளுத்தும்', 'கடும்', 'முற்றிலும்', 'எங்கள்', 'பழைய' ஆகியவை போகலாம். கிணறு வறண்டது என்ற பிறகு கோடையும் வெயிலும் தாமாகவே வந்துவிடுகின்றன. ஆகவே முதல் வரி முழுவதுமே போகலாம். ஆனால் 'ஒற்றை'யை எடுத்தால் கொலுசு வெறும் நகையாகிவிடும். ஒற்றைக் கொலுசு என்றால்தான் இன்னொன்று எங்கோ இருந்தது, ஒன்று தொலைந்தது, வீட்டில் தேடினார்கள் என்ற கதையெல்லாம் கூடவே வருகிறது. அந்த அடைமொழி அங்கே இருப்பதால் 'என்றோ தொலைந்துபோன' தேவையற்றதாகிறது. அது போவதில் இன்னொரு லாபமும் உண்டு. 'தொலைந்துபோன அக்காவின்' என்று சேர்த்து வாசித்தால் தொலைந்தது கொலுசா, அக்காவா என்ற தடுமாற்றம் வருகிறது. இந்தக் கவிதைக்கு அது வேண்டாம்.

சங்கப்பாட்டின் சுருக்கத்தைக் காட்டி அடைமொழியை எதிர்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிகின்றன என்பது சரி. ஆனால் அந்தச் சிற்றிடத்துக்குள் ஒரு பூவுக்கோ பறவைக்கோ கொடுக்கும் அடைகளைக் கவனியுங்கள். சொந்தப் பெயர் மறைந்து, தான் படைத்த உவமையாலேயே பெயர் பெற்ற செம்புலப்பெயனீரார் அந்த நூலில்தான் இருக்கிறார். அவர் பெயரிலிருந்து 'செம்மை'யை உருவிவிட்டால் மழைநீரும் நிலமும் மிஞ்சும். நீர் நிலத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும் அந்தக் காட்சி மிஞ்சாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இடைச்சொற்களையும் துணைவினைகளையும் களை என்று நடத்துவது. பிற மொழி எழுத்துப் பயிற்சி நூல்களில் 'துணைவினையை வெட்டு, நேர்வினையைப் போடு' என்று சொல்லியிருப்பதை அப்படியே இங்கே கொண்டுவந்து நடுகிறார்கள். தமிழில் துணைவினை சும்மா வருவதில்லை. 'கயிறு ஆடியது' என்றால் ஒரு நிகழ்ச்சி, நடந்து முடிந்தது. 'ஆடிக்கொண்டிருந்தது' என்றால் அதை யாரோ கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே நிற்கும் பிள்ளைகளின் பயம் முழுவதும் அந்தக் 'கொண்டிரு'வில் இருக்கிறது. பயம் என்ற சொல் கவிதையில் எங்கும் இல்லாமல் போனதற்கு அதுவே காரணம். 'மட்டும்' அங்கே இருப்பதும் அதற்காகத்தான்: கயிறு மட்டும் ஆடுகிறது, அப்பாவின் குரல் வரவில்லை.

'வரவே இல்லை'யை 'வரவில்லை' ஆக்கலாமே என்பார்கள். வரவில்லை ஒரே மூச்சில் முடிந்துவிடும் மூவசைச் சீர். வரவே இல்லை இரண்டு சீராகப் பிரிந்து, நெடிலான 'வே'யில் ஒரு கணம் தொங்கி நிற்கிறது. அந்தக் கணம் வாளிக்காகக் காத்திருக்கும் நேரம். தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்கு ஐந்து வேலை சொல்லி, தேற்றத்தை அதில் ஒன்றாக வைக்கிறது. தனிப்பொருள் தராமல் இசையை நிறைக்க வரும் இடைச்சொல்லையும் இசைநிறை என்று பெயர் கொடுத்து அது அங்கீகரிக்கிறது. பொருள் தரவில்லை என்பதாலேயே ஒரு சொல்லுக்கு வேலையில்லை என்று நம் இலக்கணம் ஒருபோதும் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட சிறுசொற்கள் எல்லாமே புனிதம் என்றும் நான் சொல்லவில்லை. 'லேசாக' போகட்டும், ஆடிக்கொண்டிருப்பதில் அது அடங்கிவிடுகிறது. 'வறண்டு போன' என்பதில் உள்ள 'போன' ஓர் இழப்பின் ஏக்கத்தைச் சேர்க்கும். வேறொரு கவிதையில் அதை வைத்திருப்பேன். இங்கே ஏக்கம் கொலுசுக்காகக் காத்திருக்க வேண்டும், இரண்டாம் வரியிலேயே செலவாகிவிடக் கூடாது. அதனால் 'வறண்ட' போதும்.

இனி, உண்மையான மிகை எங்கே என்று பார்ப்போம். 'மௌனமான சோகத்தைப் போல.' சொல் குறைப்பவர்களின் கத்தரி பெரும்பாலும் இதன் பக்கம் போவதில்லை, ஏனென்றால் கேட்க அது கவித்துவமாக இருக்கிறது. துடைத்த கொலுசு வாளியில் வந்தாலே வாசகருக்குத் துயரம் வந்துவிடும். அதற்குப் பெயர் சூட்டியதும் அவர் உணர்வதை நிறுத்திவிட்டு நம் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறார். உவமை என்ற பெயரில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கொண்டுவந்து, கண்ணுக்குத் தெரியும் கொலுசை மறைப்பதுதான் படிமத்தைத் தட்டையாக்குவது. 'துடைக்கப்பட்டுக் கிடந்தது' என்பதும் அப்படி ஒரு சுமை. செயப்பாட்டுவினை வந்ததும் துடைத்த கை காணாமல் போகிறது.

இவ்வளவையும் செய்த பிறகு வரைவு இப்படி நிற்கிறது:

வறண்ட கிணற்றில்
தூர் வார இறங்கினார் அப்பா.
மேலே நின்று நாங்கள்
இழுத்தோம், இழுத்தோம், இழுத்துக்கொண்டே இருந்தோம்.
சேறு வந்தது.
கறுத்த சேறு வந்தது.
பிறகு வெகுநேரம் வாளி வரவே இல்லை.
கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
கடைசியில் வந்த வாளியில்
சேறு போகத் துடைத்து வைத்த
அக்காவின் ஒற்றைக் கொலுசு.

50 சொல் 36 ஆனது. போன சொற்களில் பெரும்பகுதி முதல் இரண்டு வரிகளிலும் கடைசி மூன்று வரிகளிலும் இருந்தவை. நடுவில் 'லேசாக' ஒன்றுதான் போயிற்று. வரைவுகளில் கொழுப்பு பெரும்பாலும் இப்படித்தான் இரண்டு முனைகளிலும் சேர்கிறது: நுழையும்போது சூழலை விளக்குகிறோம், வெளியேறும்போது உணர்ச்சியை விளக்குகிறோம். அதனால் வெட்டத் தொடங்குபவர் முதலில் முழு வரிகளையும் தொடர்களையும் சோதிக்கட்டும், பிறகு அடைமொழிகளுக்கு வரட்டும். இடைச்சொல்லில் கடைசியாகக் கை வைக்கட்டும். அப்போதும் ஒவ்வொன்றாக எடுத்து, முந்தைய வரியிலிருந்து அடுத்த வரி வரை வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். 'பிறகு' என்ற சொல்லை நான் அப்படித்தான் சோதித்தேன். அதை எடுத்தால் பொருள் கெடவில்லை. ஆனால் 'கறுத்த சேறு வந்தது' என்ற முற்றுக்குப் பின் 'வெகுநேரம்' உடனே வந்து விழுகிறது. 'பிறகு' இருந்தால் அங்கே ஒரு வாளி அளவுக்கு இடைவெளி கிடைக்கிறது. அதனால் அது இருக்கிறது.