பச்சை இலைக்குத்தான் கூலி

போன மாதம் ரிங்லெட்டில் ஏழெட்டுப் பேர் கூடினோம். எல்லாருமே தேயிலைத் தோட்டத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். தோட்டத் தொழிலாளர் வரலாறு பற்றிய தடித்த ஆங்கில ஆய்வு நூல் ஒன்றைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் ஆசை. கெர்னியல் சிங் சந்துவின் நூல் 1969இல் வந்தது, ரவீந்திர ஜெயினின் நூல் 1970இல். நம் தாத்தா பாட்டியைப் பற்றிய இந்த ஆய்வுகளை அவர்களால் படிக்க முடிந்ததில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை அவை.

மொழிபெயர்க்க ஒப்புக்கொண்ட அக்கா செலவு மதிப்பீடு கேட்டார். கணக்கு நமக்குப் பழக்கம்தானே என்று நானே போட்டுக் கொடுத்தேன். மொத்தம் 28,500 வெள்ளி. கூட்டத்தில் ஓர் அண்ணன் சிரித்தார். "தம்பி, தமிழ்ல முடிச்சா 77 ஆயிரம் சொல்தானே வருது? 1,10,000க்கு ஏன் காசு கேக்குறீங்க?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு.

இரண்டு பக்கங்களை அக்கா மாதிரிக்கு மொழிபெயர்த்துப் பார்த்திருந்தார். 600 ஆங்கிலச் சொற்கள் 420 தமிழ்ச் சொற்களாகின. உழைப்பு குறைந்ததால் வந்த சுருக்கம் இல்லை இது. ஆங்கிலத்தில் 'ஃப்ரம் தி எஸ்டேட்ஸ்' மூன்று சொல், தமிழில் 'தோட்டங்களிலிருந்து' ஒரே சொல். வேற்றுமை உருபும் பன்மையும் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கின்றன. அக்கா படித்தது, புரிந்துகொண்டது, கலைச்சொல் தேடியது எல்லாம் அந்த 600 சொல்லுக்கும்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், தமிழில் 'ஒரு சொல்' எது என்பதே எழுதுபவரின் விரலில் இருக்கிறது. 'வேலை செய்து கொண்டு இருந்தார்கள்' என்று எழுதினால் கணினி நான்கு என்று எண்ணும். 'வேலை செய்துகொண்டிருந்தார்கள்' என்றால் இரண்டு. அதே வாக்கியம், அதே பொருள், பாதிக் கூலி! தமிழ்ச் சொல்லுக்குக் காசு கொடுத்தால், சேர்த்து எழுதுகிறவருக்குத் தண்டனை, இடைவெளி தட்டுகிறவருக்குப் பரிசு. ஆங்கில மூலம் வேலை தொடங்கும் முன்பே கையில் இருக்கிறது. அதை இரண்டு தரப்பும் எண்ணிப் பார்த்து ஒத்துக்கொள்ளலாம்.

மூலத்தை எண்ணுவதிலும் ஏமாறலாம். வேர்டில் 'Include textboxes, footnotes and endnotes' என்ற பெட்டியில் டிக் இல்லையென்றால் அடிக்குறிப்புகள் கணக்கில் வராது. எங்கள் நூலில் அவை மட்டும் 18,000 சொற்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃபில் இதற்கு நேர்மாறு. பக்கத் தலைப்பில் ஆறு சொல் இருந்தால் 350 பக்கத்துக்கு 2,100 சொற்கள் சும்மா ஏறிவிடும். வரி முடிவில் கோடு போட்டு உடைத்த சொல் இரண்டாகிவிடும். அதையெல்லாம் களைந்துவிட்டுத்தான் எண்ணினேன்.

இனி மதிப்பீடு. உடல் பகுதி 92,000, அடிக்குறிப்பு 18,000, ஆக 1,10,000 சொற்கள். சொல்லுக்கு 20 சென் வீதம் 22,000 வெள்ளி. வேறொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் செம்மையாக்க, சொல்லுக்கு 5 சென், அது 5,500. நூற்பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும், அதனால் அதற்குச் சொல் கணக்கு கிடையாது. சொல்லடைவை மட்டும் தமிழ்ப் பக்க எண்களுக்குப் புதிதாகப் போட வேண்டும். 40 மணி நேரம், மணிக்கு 25 வெள்ளி, அது 1,000. பதிப்புரிமைக் கட்டணமும் அச்சுச் செலவும் இதில் இல்லை.

அண்ணன் சொன்னபடி 77,000 சொல்லுக்கு 20 சென் கொடுத்தால் 15,400தான். 6,600 வெள்ளி அக்காவின் கையிலிருந்து போகிறது. தமிழ்ச் சொல்லைத்தான் எண்ணுவோம் என்று பிடிவாதம் பிடித்தால், வீதத்தை ஏறக்குறைய 29 சென்னாக உயர்த்துங்கள், அப்போது இரண்டும் ஒன்றே. எண்ணும் முறையை மாற்றிவிட்டு வீதத்தை மட்டும் அப்படியே வைப்பது சிக்கனம் அல்ல. கூலி வெட்டு.

இந்த ஆய்வு நூல் நாளைக்கு 1,500 சொல்தான் நகரும். அப்படியானால் 74 வேலை நாள், வாரம் ஐந்து நாளென்றால் ஏறக்குறைய மூன்றரை மாதம்.

"தமிழுக்காகச் செய்யக் கூடாதா?" என்றும் ஒருவர் கேட்டார். அச்சகத்தில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. தாள் விற்பவரிடம் கேட்பதில்லை. மொழிபெயர்க்கிறவரிடம் மட்டும் கேட்கிறோம்.

நான் அந்த அண்ணனிடம் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் இதே மலையில் கொழுந்து பறித்தவர். ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை இலை வேண்டும். கூடையை நிறுத்தபோது கிராணி பச்சை இலையைத்தான் எழுதினார். 'காய்ந்தா கால்வாசிதானே வரும், அதுக்கு மட்டும் கூலி' என்று அவர் சொல்லியிருந்தால் நம் வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா? ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழித்ததற்கே பாட்டி சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. அவர் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். அடுத்த கூட்டத்தில் மதிப்பீட்டை மறுபடி வைக்கப்போகிறேன், ஒரு எண்ணையும் மாற்றாமல். பணம் போதாதென்றால் முதலில் மூன்று அத்தியாயங்களைக் கொண்டுவருவோம். அந்த மூன்றுக்கும் முழுக் கூலி கொடுப்போம்.