‘இன்னைக்கு 86%’ - கால் சென்டர் டேஷ்போர்டு மறைக்கும் அந்த ஒரு மணி நேரம்!

முடிச்சூரில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் படாரென்று வெடித்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்தத் தெருவில் பாதிப் பேர் மொபைலை எடுப்பார்கள். ‘கரண்ட் எப்போ வரும்?’ என்ற ஒரே கேள்விதான். அதற்காகவே 2021 ஜூன் மாதம் தமிழக மின்வாரியம் ‘மின்னகம்’ என்ற 24 மணி நேர சேவை மையத்தைத் தொடங்கியது. 94987 94987 என்ற ஒற்றை எண்ணில் மாநிலம் முழுவதற்கும் புகார் சொல்லலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தண்ணீர் புகுந்து, பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட நாட்களில் எந்தக் கால் சென்டராக இருந்தாலும் திணறும். அதில் வியப்பில்லை. ஆனால், புயலே இல்லாத ஒரு சாதாரண நாளிலும் சிலருக்கு மட்டும் ‘லைன் பிஸி’ என்று வருகிறதே, அது ஏன்? இதற்கான பதில், கால் சென்டரின் மேலாளர் தினமும் பார்க்கும் டேஷ்போர்டில்தான் இருக்கிறது. பல நேரங்களில் அங்கே இல்லாமலும் இருக்கிறது.

மூன்று எண்கள்

கால் சென்டர் டேஷ்போர்டில் பத்துப் பதினைந்து கட்டங்கள் மினுமினுத்தாலும், ஆள் திட்டமிட உதவுபவை மூன்றுதான். அந்த மணி நேரத்தில் எத்தனை கால் வந்தது, வந்தவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருந்தார், குறித்த நேரத்துக்குள் எத்தனை சதவிகித கால் எடுக்கப்பட்டது. மூன்றாவதைத்தான் ‘சர்வீஸ் லெவல்’ என்கிறார்கள். ‘100 காலில் 80-ஐ 20 வினாடிக்குள் எடுக்க வேண்டும்’ என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் இலக்கு. செல்போன் நிறுவனங்களின் கால் சென்டர்களுக்கு டிராய் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. ஏஜென்ட்டிடம் பேச வரும் கால்களில் 95 சதவிகிதத்தை 90 வினாடிக்குள் எடுக்க வேண்டும்.

இந்த எண்களை நாள் சராசரியாகப் பார்ப்பதா, மணிவாரியாகப் பார்ப்பதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. புரிந்துகொள்ள, ஒரு கற்பனை மையத்தை எடுத்துக்கொள்ளலாம். பின்வரும் கணக்கு மின்னகத்தின் கணக்கு அல்ல.

பத்து பேர் வேலைக்குப் பத்து பேர் போதாது

காலை 10 முதல் 11 மணி வரை 120 கால் வருகிறது. ஒரு காலைப் பேசி முடித்து, புகாரைப் பதிவு செய்ய 5 நிமிடம். மொத்தம் 600 நிமிட வேலை. அதாவது, பத்து பேர் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் செய்யும் வேலை. ‘அப்போ பத்து பேர் போட்டா போதுமே’ என்று தோன்றும். போதாது.

காரணம், கால்கள் 30 வினாடிக்கு ஒன்று என்று வரிசை பிடித்து வருவதில்லை. ஒரு நிமிடம் ஒன்றுமே இருக்காது. அடுத்த நிமிடம் ஆறு கால் ஒன்றாக விழும். சும்மா இருந்த அந்த ஒரு நிமிடத்தைச் சேமித்து வைத்து, ஆறு கால் வரும்போது செலவழிக்க முடியாது. இதைக் கணக்காக்கியவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் கணித அறிஞர் ஏ.கே.எர்லாங். 1917-ல் அவர் வெளியிட்ட சூத்திரம்தான் இன்றும் பெரும்பாலான கால் சென்டர் மென்பொருட்களின் அடித்தளம்.

அந்தச் சூத்திரத்தில் இந்த 120 காலைப் போட்டுப் பார்த்தால் வரும் விடை சுவாரஸ்யமானது. 11 ஏஜென்ட் இருந்தால் 36% கால்கள்தான் 20 வினாடிக்குள் எடுக்கப்படும். சராசரிக் காத்திருப்பு மூன்றரை நிமிடத்தை நெருங்கும். 12 பேர் என்றால் 61%. 13 பேர் என்றால் 77%. 14 பேர் உட்கார்ந்தால் 87%. காத்திருப்பு வெறும் 13 வினாடி. மூன்றே மூன்று பேர் கூடுதலாக வந்ததில் மூன்றரை நிமிடம் 13 வினாடியாகச் சுருங்கிவிட்டது.

இதைத் திருப்பியும் படிக்க வேண்டும். 14 பேரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் டீக்குப் போனால், 87% என்பது 61% ஆகிவிடும். யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. டீ குடிக்கப் போனார்கள், அவ்வளவுதான். தாம்பரம் சானடோரியம் மெப்ஸிலும் ஓ.எம்.ஆரிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்லத் தேவையில்லை: பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோடு நின்றுபோய், ஒரே கேபில் வரும் மூன்று பேர் 20 நிமிடம் தாமதமானால் என்ன ஆகும்? மாதக் கடைசி வருகைப் பதிவில் அது ஒன்றுமே இல்லை. ஷிஃப்ட் தொடங்கும் அந்த 20 நிமிடத்துக்கு மட்டும் மையமே ஸ்தம்பிக்கும்.

இதே கணக்கில் நிர்வாகங்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 14 பேர் இருக்கும்போது ஒரு ஏஜென்ட் தன் நேரத்தில் 71%தான் காலில் இருப்பார். மீதி நேரம் அடுத்த கால் வரக் காத்திருப்பார். ‘29% நேரம் சும்மா இருக்காங்களே’ என்று ஒருவர் மீட்டிங்கில் சொல்ல, மூன்று சீட் குறைக்கப்படும். ஏஜென்ட்டின் வேலை நேரம் 91% ஆகும். வாடிக்கையாளரின் காத்திருப்பு பதினைந்து மடங்கு கூடும். அந்த ‘சும்மா’ இருக்கும் நேரம்தான் சேவையே என்பதை டேஷ்போர்டில் எந்தக் கட்டமும் சொல்வதில்லை.

சாயங்காலம் ஏழு மணி

அதே மையம். எளிமைக்காக, நாள் முழுக்க 14 பேர். ஏழு மணிக்குக் கரண்ட் போகிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் 200 கால். 14 பேர் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எடுக்கக்கூடியது 168. யாரும் இடையில் கட் செய்யாவிட்டால், எட்டு மணிக்கு 32 பேர் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையின் கடைசி ஆளுக்குப் பதில் கிடைக்க 11 நிமிடத்துக்கு மேல் ஆகும். இருட்டில், குறைந்துகொண்டே போகும் மொபைல் சார்ஜோடு 11 நிமிடம்.

அந்த மணி நேரத்தில் 20 வினாடிக்குள் எடுக்கப்பட்டவை ஆரம்பத்தில் வந்த ஒரு 20 கால் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். அதாவது, சர்வீஸ் லெவல் 10%. மற்ற 23 மணி நேரத்தில் வந்த 1,300 காலில் 1,270 நேரத்தில் எடுக்கப்பட்டன. இரண்டையும் கூட்டினால், 1,500-க்கு 1,290. நாள் கணக்கில் 86%. இலக்கு 80%. டேஷ்போர்டில் பச்சை விளக்கு!

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், மக்களுக்கு மையம் எப்போது மிகவும் தேவைப்பட்டதோ, அந்த நேரத்தில்தான் அது கைவிட்டது. யாருக்கும் அவ்வளவாகத் தேவைப்படாத நடுராத்திரி மூன்று மணியின் 100% வந்து அதை மூடிவிட்டது. மாதச் சராசரி என்று போனால் மூடல் இன்னும் கச்சிதமாக இருக்கும். டிராயின் 90 வினாடி விதியும் ஒரு காலகட்டத்தின் சராசரியாகவே அளக்கப்படுகிறது என்பதால், அதிலும் இதே ஓட்டை உண்டு. உண்மையில் ஒரு மணி நேரம் என்பதே கொஞ்சம் அகலம்தான். 7.40-க்குக் கரண்ட் போனால் கூட்டம் முழுக்கக் கடைசி 20 நிமிடத்தில்தான் இருக்கும். அதனால்தான் திட்டமிடும் பிரிவுகள் பெரும்பாலும் 15 அல்லது 30 நிமிடத் துண்டுகளாகப் பார்க்கின்றன.

லைன் பிஸியானவர் எங்கே போனார்?

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில், எத்தனை பேர் வந்தாலும் வரிசையில் நிற்க இடம் உண்டு. நிஜத்தில் லைன்களுக்கு எல்லை உண்டு. அலுவலகங்கள் வாங்கும் ஒரு பி.ஆர்.ஐ. இணைப்பில் ஒரே நேரத்தில் 30 பேச்சுகள்தான் நடக்கும். 14 பேர் ஏஜென்ட்டிடம் பேச, 16 பேர் பாட்டு கேட்டுக்கொண்டு நிற்க, 31-வது ஆளுக்கு ‘பிஸி’ டோன்தான். அவருடைய கால் மையத்துக்குள் நுழையவே இல்லை. ஆகவே, டேஷ்போர்டுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

விளைவைப் பாருங்கள். வரிசையில் 16 பேருக்கு மேல் நிற்கவே முடியாது என்பதால், அதிகபட்சக் காத்திருப்பும் ஆறு நிமிடத்தைத் தாண்டாது. லைனைக் குறைத்தால் காத்திருப்பு எண் அழகாகிறது! இதை யாரும் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதில்லை, தானாகவே நடக்கும். வெளியே நிற்பவரோ விடாமல் ரீடயல் செய்துகொண்டே இருப்பார். ஒரு வீட்டுப் பிரச்னை ஐந்து முயற்சிகளாக மாறும்.

அடுத்த மழைக்காலத்துக்கு ஆள் திட்டமிடுபவர், ‘போன வருஷம் இதே நேரத்துல 168 கால் எடுத்தோம்’ என்று பழைய கணக்கைப் பார்த்து, 168-க்கே ஆள் போடுவார். பற்றாக்குறை அப்படியே அடுத்த வருடத்துக்கும் போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம் உண்டு. மணிவாரி வரைபடத்தில் கூம்பாக ஏறி இறங்க வேண்டிய இடம், மேலே சீவி விட்டதுபோல் தட்டையாக இருக்கும்: 167, 168, 168, 166. மக்கள் அவ்வளவு ஒழுங்காக போன் செய்வதில்லை. அது மையம் நிரம்பி வழிந்ததன் தடம்.

அதேபோல, பாதியில் கட் செய்தவர்களை எப்படிக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நேரத்தில் எடுத்த கால்களை, ‘எடுத்த கால்’களால் வகுத்தால் ஒரு சதவிகிதம் வரும்; ‘வந்த கால்’களால் வகுத்தால் வேறு சதவிகிதம் வரும். முதல் முறையில், வெறுத்துப்போய் போனை வைத்தவர் கணக்கிலிருந்தே காணாமல் போகிறார்.

சரி, என்ன செய்யலாம்?

சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் வந்து வேலை செய்ய கூடுவாஞ்சேரியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட்தான் யதார்த்தம். அதனால் செய்யக்கூடியது, ஷிஃப்டுகளை ஒரே நேரத்தில் மாற்றாமல் சற்றே முன்பின் வைத்து, நெரிசல் நேரத்தில் இரண்டு ஷிஃப்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி செய்வது. பயிற்சி, மீட்டிங், டீ எல்லாவற்றையும் அந்த நேரத்திலிருந்து நகர்த்துவது. சீட்டில் 14 பேர் வேண்டுமென்றால், லீவு, வார விடுமுறை, பயிற்சிக்கு 30% கழியும் என்று வைத்து, பட்டியலில் 20 பேரை வைத்திருப்பது.

மின்தடை போன்ற நேரத்தில் ஆளைக் கூட்டுவதைவிட வேகமான வழியும் உண்டு. ஒரே ஃபீடர் போனதால் வரும் 200 காலும் ஒரே கேள்விதான். ‘முடிச்சூர் பகுதியில் பழுது கண்டறியப்பட்டுள்ளது, 9 மணிக்குள் சரியாகும்’ என்று வரிசையில் நிற்பவருக்கே பதிவுக் குரல் சொல்லிவிட்டால், பலர் அத்துடன் போனை வைத்துவிடுவார்கள். ஆனால், இவர்கள் டேஷ்போர்டில் ‘கட் செய்தவர்கள்’ பட்டியலில்தான் விழுவார்கள். அவர்களைத் தனியாக எண்ணாவிட்டால், நல்ல காரியம் செய்த நாளில் மையத்துக்குக் கெட்ட மதிப்பெண் விழும். அறிவிப்பைக் கேட்ட பிறகு வைத்தவர், கேட்காமலேயே வைத்தவர் என்று இரண்டு கட்டமாவது வேண்டும்.

பொதுப் பணத்தில் நடக்கும் மையங்கள், ‘இத்தனை லட்சம் புகார்கள் பெறப்பட்டன, இத்தனை சதவிகிதம் தீர்க்கப்பட்டன’ என்ற மொத்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மாதத்தின் மிக மோசமான பத்து மணி நேரங்களையும், அப்போது சீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் வெளியிட வேண்டும். கூடவே, தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டிய ஒரு எண்ணும் உண்டு: அந்த மணி நேரங்களில் எத்தனை முயற்சிகளுக்கு ‘பிஸி’ டோன் கேட்டது? அது நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் பதிவில் இருக்கும். கால் சென்டரின் சொந்த மென்பொருளில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.