எக்ஸ் எத்தனை மார்க்?



கோபாலபுரத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா ஒருத்திக்கு, அறிவியல் செய்முறைத் தேர்வில் 25க்கு 22 மார்க் என்று வைத்துக் கொள்வோம். அறிவியலில் மொத்தம் 80 வாங்க ஆசை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில், அறிவியல் எழுத்துத் தேர்வுக்கு 75 மார்க். அதில் அவள் எத்தனை வாங்க வேண்டும்?

தெரியாத அந்த மார்க்குக்கு x என்று பெயர் வையுங்கள்.

x + 22 = 80

சமன்பாடு, தராசு மாதிரி. ஒரு தட்டில் எடுத்ததை, மறு தட்டிலும் எடுத்தால் தான் முள் நேராக நிற்கும். எனவே, இரு பக்கமும் 22ஐக் கழியுங்கள்.

x = 80 - 22 = 58

சரி தானா? x இருந்த இடத்தில் 58ஐப் போடுங்கள்: 58 + 22 = 80. சரி! சிலர் அவசரத்தில் 22ஐக் கூட்டி, 102 என்பர். 75 மார்க் தேர்வில் 102 எப்படி வரும்? விடையே தவறைக் காட்டிக் கொடுத்து விடும்.

'பாஸ் ஆனால் போதும்; மொத்தம் 35 வந்தால் சரி' என்று அக்கா நினைத்தால்?

x + 22 = 35
x = 13

கணக்கு சரி. ஆனால், 13 வாங்கினால் பெயில்! எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 மார்க் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி, நம் சமன்பாட்டுக்குத் தெரியாது. ஆகவே, x கிடைத்ததும், அது 20க்குக் குறையாமலும், 75ஐத் தாண்டாமலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி... அக்கா 99 வாங்க ஆசைப்பட்டால் x எத்தனை? அது நடக்குமா? பென்சிலை எடுங்கள், போட்டுப் பாருங்கள்!